பொன்னுத்தாய் திருப்பிப் போட்ட அம்புகள்

பொன்னுத்தாய் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். எங்கள் சின்னாத்தாள் இறந்த அன்று திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த சனங்கள், ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி சொன்னாள்:

“நம்ம உத்திராபதி மவ பொன்னுத்தாய் இல்ல, அவ பதினோராங் கிளாஸ் பாஸ் பண்ணிட்டா. பாஸ் பண்ணிட்டு மறுநாளே நடவுக்கு வந்து நிக்கிறா. கேட்டா, பேப்பர் வந்துடுச்சு, பசி போவலயேங்கிறா.”

எல்லாரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்க வைத்தவள் யாரடா என்று நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டேன். உத்திராபதி எனக்குத் தாய்மாமன் முறை. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அப்படியானால் அவள் என் தம்பி இராஜாங்கத்துக்கு முறைப்பெண். அடுத்த தை மாதமே கல்யாணம் முடிந்தது. நான் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம். எனக்கு அவள் தம்பி பெண்டாட்டி; அவளுக்கு நான் அண்ணி.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக்குத் தெற்கே. குடியிருந்த மனை பண்ணையாருடையது, உழைத்த வயலும் அவருடையது. தம்பி செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, அறுவடைக் கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்கப் போனான். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. களத்தில் கைகலப்பு ஆயிற்று. போலீஸ் வந்து பதினெட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டு போனது. தம்பி திருச்சி சிறையில். அப்போது புது ஆட்சி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வரப்போவதாக டீக்கடை ரேடியோவைக் கேட்டவர்கள் சொன்னார்கள். எங்களுக்குக் கேட்ட செய்தி பண்ணைக்கும் கேட்டிருக்கும் அல்லவா? சட்டம் வருவதற்குள் ஆளைக் கிளப்பிவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம்.

பண்ணையின் காரியக்காரர் துரைராசு மாசி மாதம் ஒரு காலையில் வந்தார். வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றார். என் அம்மா வெளியே வந்தாள்.

“ஏ ராமாயி, சித்திரை ஒண்ணாந் தேதி குடிசை பிரிஞ்சிருக்கணும். பிரிக்கலேன்னா நாங்க பிரிப்போம். வயக்காட்டுப் பக்கமும் யாரும் வரப்படாது. கொடி புடிச்சவன் வூட்டுக்கு இந்தச் சுத்துவட்டத்துல எவனும் வேல குடுக்க மாட்டான்.”

“கைப்புள்ளய வச்சிக்கிட்டு எங்கய்யா போவோம்?”

“அதான் மருமவ வாத்திச்சியாவப் போறாளாமே. பள்ளிக்கூடத்துலயே படுத்துக்கங்க.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. எங்களுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பொன்னுத்தாய் தஞ்சாவூரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம் முடிக்கிற தறுவாயில் இருந்தாள். விடுதியில் தங்கிப் படித்தாள். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே திரும்பிப் போய்விட்டாள். குழந்தையை நான்தான் வளர்த்தேன்; சனி ஞாயிறு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து, அவள் பாடம் நடத்துவதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுகிற ஒரு பரீட்சை மட்டும் பாக்கி. அதில் தேறினால் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் வேலை. தேறாவிட்டால் தங்க மனையும் இல்லை, இறங்க வயலும் இல்லை.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. குழந்தைக்கு வெள்ளிக்கிழமையே வயிற்றுப்போக்கு கண்டு உடம்பு அனலாகக் கொதித்தது. சொல்லி அனுப்பியதும் சனிக்கிழமை ஓடி வந்தாள். வரும்போது சுருட்டிய சார்ட்டுத் தாளும் மசிப்புட்டியும் கையில் இருந்தன. எட்டாம் வகுப்புக்குக் குவிலென்ஸ் பாடம் நடத்த வேண்டும் என்று சீட்டு விழுந்திருந்தது. படத்தை அவரவரே கையால் வரைந்து, அறிவியல் வாத்தியாரிடம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கித்தான் மாட்டவேண்டும்.

இரண்டு நாளும் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பென்சில். நான் ஸ்கேலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்தப் படத்தை மட்டும் இன்றைக்குத் தரையில் கோடு கிழித்துக் காட்டச் சொன்னாலும் காட்டுவேன். எத்தனை தரம் அவள் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

தாளுக்கு நடுவே படுக்கையாக ஒரு கோடு. அது அச்சு. அச்சின் நடுவில் இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடி, அதுதான் லென்ஸ். லென்ஸுக்கு இப்புறமும் அப்புறமும் பத்துப் பத்து சென்டிமீட்டரில் ஒவ்வொரு புள்ளி. அதற்குக் குவியம் என்று பெயர். இடது பக்கம் முப்பது சென்டிமீட்டரில் ஆறு சென்டிமீட்டர் உயர மெழுகுவர்த்தி. அதன் நுனியிலிருந்து மூன்று கதிர்கள் புறப்படும். ஒன்று அச்சுக்கு இணையாகப் போய் லென்ஸில் மடங்கி, அந்தப் பக்கத்துக் குவியத்தைக் கடந்து இறங்கும். ஒன்று லென்ஸின் நட்ட நடுவில் மடங்காமல் நேரே போகும். மூன்றாவது இந்தப் பக்கத்துக் குவியத்தைத் தாண்டி லென்ஸில் பட்டு, பிறகு அச்சுக்கு இணையாகப் போகும். மூன்றும் வலது பக்கம் பதினைந்து சென்டிமீட்டரில் அச்சுக்குக் கீழே ஒரே இடத்தில் கூடும். அங்கேதான் பிம்பம். தலைகீழாக, பாதி உயரத்தில், மூன்று சென்டிமீட்டருக்கு.

இதை எல்லாரும் மெழுகுவர்த்தியிலிருந்து தொடங்கித்தான் வரைவார்கள். பொன்னுத்தாய் அப்படி வரையவில்லை. முதல் தாளில் வரைந்து பார்த்தாள். மூன்று கோடும் கூடாமல் மூன்று திக்கில் போயின. பென்சில் கொஞ்சம் நகர்ந்தால் கடைசியில் அரை விரல் தள்ளிப்போகிறது. ரப்பர் போட்டுப் போட்டுத் தாளே கிழிந்துவிட்டது. கையில் மிச்சம் இருந்தது ஒரே தாள்.

“அண்ணி, நடவு நடுறப்ப நாம முன்னால பாத்துக்கிட்டு முன்னாலயா போறோம்?”

“முன்னால போனா நட்டத மிதிச்சிருவோம்டி. பின்னாலதான போவோம்.”

“அதேதான். பின்னாலயே போறேன்.”

கணக்குப் போட்டுப் பிம்பத்தின் இடத்தை முதலில் குறித்தாள். அங்கிருந்து பின்வாங்கி வந்தாள். பிம்பத்தின் நுனியிலிருந்து லென்ஸ், லென்ஸிலிருந்து மெழுகுவர்த்தி. மூன்று கோடும் கடைசியில் மெழுகுவர்த்தி நுனியில் வந்து சேர்ந்தபோது, நாற்றுமுடி தீருகிற இடத்தில் வரப்பு வந்த மாதிரி இருந்தது. சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அது ஒரு தரம்தான்.

கோடுகளுக்கு மசி போட்டாள். அம்புக்குறி மட்டும் பாக்கி. குழந்தை மறுபடி கழிந்து துவண்டுவிட்டது. விடிய விடியச் சோற்றுக் கஞ்சித் தெளிவில் உப்புப் போட்டு ஊட்டினோம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். பாலுக்கு அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? நானும் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பள்ளிக்கூடத்து வராந்தாவில் தாளைப் பரப்பி, அவசர அவசரமாக அம்பு போட்டாள். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தாள், எப்படி வரைந்தோம் என்று. கை போன வழியிலேயே அம்பும் போட்டாள்.

அறிவியல் வாத்தியார் குஞ்சிதபாதம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, பையில் சிவப்புப் பேனா. அவர் பின்னால் இன்னும் எட்டுப் பெண்கள் தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

“என்னம்மா, கடைசி நிமிஷத்துல?”

“பிள்ளைக்கு முடியலைங்க சார்.”

“எல்லாருக்கும் ஒரு பிள்ளை, எல்லாருக்கும் ஒரு காய்ச்சல்.” ஸ்கேலை எடுத்து அளந்தார். “முப்பது. சரி. குவியம் பத்து. பிம்பம் பதினஞ்சு. சரி.” ஒவ்வொரு கோட்டின் மேலும் ஸ்கேலை வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். “மூணும் ஒரே இடத்துல கூடுது. தலைகீழ், சிறிது. நல்லாவே போட்டிருக்க.” சிவப்புப் பேனாவால் மூன்று டிக் போட்டார். மேலே போகிற இணைக்கோட்டின் மேல் போட்ட டிக், ஈரம் காயாத கறுப்பு அம்பில் பட்டு இழுபட்டது. “தூ, மசி காயறதுக்குள்ள நீட்டுறியே!” என்று விரலைத் துடைத்துக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டு ரப்பர் முத்திரை குத்தினார்.

பத்து மணிக்குப் பாடம் தொடங்கியது. நான் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றேன். பின்பெஞ்சில் தேர்வாளர் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். சௌந்தரநாயகி என்று பெயர்; கும்பகோணத்துப் பக்கம். ஒல்லியான உடம்பு, காதில் சின்னத் தோடு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. முந்தின வாரம் வேறொரு பள்ளியில் ஐந்து பேரைப் பெயிலாக்கியவர்கள் என்று வரிசையில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பொன்னுத்தாய் நன்றாகத்தான் தொடங்கினாள். மேசையில் லென்ஸைத் தாங்கியில் நிறுத்தினாள். சன்னல்களைச் சாத்தச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டிருந்த சன்னலும் மூடிக்கொண்டது. கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். மெழுகுவர்த்தி முப்பதில், வெள்ளை அட்டை பதினைந்தில். அட்டையில் ஒரு குட்டிச் சுடர் தலைகீழாகத் தொங்கி ஆடியது. பிள்ளைகள் “ஓ” என்றார்கள். என் இடுப்பில் இருந்த பாப்பாவும் அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. உள்ளே அவள் ஒரு கணம் நின்றாள். மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எனக்கு இடுக்கு வழியாகவே தெரிந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தொடர்ந்து பேசினாள்.

சன்னல்கள் திறந்தன. சார்ட்டைக் காட்டி, “மெழுகுவர்த்தியிலிருந்து ஒளிக்கதிர் இப்படிப் புறப்பட்டு…” என்று குச்சியை வைத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். குச்சி இடமிருந்து வலமாகப் போகிறது. தாளில் அம்பெல்லாம் வலமிருந்து இடமாக வருகின்றன. மெழுகுவர்த்தியை நோக்கி.

தேர்வாளர் அம்மா எழுந்து வந்தார்கள்.

“ஏன் நிறுத்திட்டே?”

அவள் கண் அம்புகள் மேல் ஓடியது.

“வெளிச்சம் எங்கேருந்து கிளம்புது?”

“மெழுகுவத்தியிலேருந்துங்க.”

“உன் படத்துல?”

அவள் குச்சியை மேசைமேல் வைத்தாள்.

“உன் படத்துல பிம்பம்தான் மெழுகுவர்த்திக்கு வெளிச்சம் குடுக்குது. பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக் குடுக்கப் போறியா?” அந்த அம்மா பிள்ளைகளைப் பார்த்து, “எல்லாரும் கொஞ்சம் வெளியே விளையாடுங்க” என்றார்கள். பிறகு தாளின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார்கள். “யாரு சரிபார்த்தது? கூப்பிடு.”

குஞ்சிதபாதம் வந்தார். படத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவருக்கும் அந்த வருஷம் ஏதோ விசாரணை இருந்ததாம், பின்னால் தெரிந்தது.

“நான் கையெழுத்துப் போட்டப்ப அம்பு இல்லீங்கம்மா. கோடு மட்டும்தான் இருந்தது. அப்புறம் போட்டிருக்கா.”

படத்தில் தப்பு என்றால் மார்க் போகும். கையெழுத்து வாங்கிய படத்தில் பிறகு கைவைத்தாள் என்றால் அது திருட்டு. மூன்று வருஷம் பரீட்சைக்கே உட்கார முடியாது. இதை விடுதிப் பெண்கள் காலையில்தான் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள்.

“அப்படியா?” என்று தேர்வாளர் அம்மா அவள் பக்கம் திரும்பினார்கள்.

பொன்னுத்தாய் வாத்தியாரைப் பார்த்தாள். இரண்டு வருஷம் பாடம் சொல்லித் தந்தவர். நடவுக்காரி மகள் என்று ஒரு நாளும் தள்ளி உட்கார வைக்காதவர். அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன்.

“சொல்லேன்டி! வாயில என்ன கொழுக்கட்டையா?”

“யாரது?” என்றார்கள் அந்த அம்மா.

“எங்க வூட்டுக்காரர் அக்காங்க. பிள்ளைய வச்சிருக்காங்க.” பொன்னுத்தாய் எச்சிலை விழுங்கிக்கொண்டு தாளின் அருகே போனாள். “இந்த டிக்கைப் பாருங்கம்மா. சிவப்பு, கறுப்பு மேல ஏறி இழுத்துக்கிட்டு வந்திருக்கு. அம்பு இல்லேன்னா சிவப்புல கறுப்பு கலந்திருக்காதுங்க.” பிறகு உடனே, “ஆனா தப்பு என்னுதுதாங்க. சார் அவசரத்துல இருந்தாங்க. அம்ப திருப்பிப் போட்டது என் கைதான்” என்றாள்.

தேர்வாளர் அம்மா தாளைக் கழற்றிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கம்பிகள் மட்டும்தான். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். சிவப்புக் கோட்டின் நடுவில் கறுப்பு மசி ஒரு வால்போல இழுபட்டிருந்தது.

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றினார். “கோடு கூடுதா, அளவு சரியான்னுதாங்க பார்த்தேன். திசையைப் பார்க்கல” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர்.

அந்த அம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. பொன்னுத்தாயிடம் கேட்டார்கள்.

“கோடெல்லாம் இவ்வளவு துல்லியமா இருக்கு. அம்பு மட்டும் எப்படி அத்தனையும் திரும்பிச்சு? யாரோ வரைஞ்சு குடுத்துத் தெரியாம அம்பு போட்டியா?”

“நானேதாங்க வரைஞ்சேன். பிம்பத்திலேருந்து பின்னால வரைஞ்சேன்.”

“விடைய முன்னால வச்சிக்கிட்டுக் கணக்கா?”

“இல்லைங்க. இடத்த கணக்குப் போட்டு வச்சிக்கிட்டேன். அங்கேருந்து பின்வாங்கி வந்தா, மூணும் மெழுகுவத்தி நுனியில வந்து சேரணும். சேரலேன்னா கணக்கு தப்பு, இல்ல கை தப்பு. நடவுல வரப்புக்கு வந்ததும் வரிசை கோணலா நேரான்னு தெரியுமில்லீங்களா, அந்த மாதிரி.”

தேர்வாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

“இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. அதே லென்ஸ். மெழுகுவர்த்திய முப்பதுல வைக்காதே, பதினஞ்சுல வை. கரும்பலகையில என் முன்னால வரை.”

மனப்பாடம் செய்த படமாக இருந்தால் அங்கேயே செத்திருப்பாள். பலகையின் மூலையில் கணக்குப் போட்டாள்: பத்தில் ஒன்று, அதிலிருந்து பதினைந்தில் ஒன்றைக் கழித்தால் முப்பதில் ஒன்று. அந்தப் பக்கம் முப்பதில் பிம்பம். ஆறு உயர மெழுகுவர்த்திக்குப் பன்னிரண்டு உயரப் பிம்பம். தலைகீழ்தான், ஆனால் இப்போது பெரிது. குறித்துக்கொண்டாள்.

எல்லாரையும்போல மெழுகுவர்த்தியிலிருந்து தொடங்குவாள் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. வலது கோடிக்குப் போய், பிம்பத்தின் நுனியில் சாக்குக்கட்டியை வைத்து, சேற்றில் கால் வைப்பதுபோல ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி வந்தாள். ‘அடிப் பாவி, அதையேவா செய்யிற’ என்று என் வாய்க்குள் முணுமுணுத்தேன். முதல் கோடு சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது மெழுகுவர்த்தி நுனிக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளிப் போய்விட்டது. உள்ளங்கையால் அழித்தாள். பாப்பா அழுகிறது. மறுபடி வரைந்தாள். இந்தத் தரம் சேர்ந்தது.

பிறகு அம்பு. அவள் நின்றுகொண்டிருந்தது மெழுகுவர்த்திப் பக்கம். கை தானாக இடதுபக்கம் கூர் வைத்து ஒரு கீற்றுப் போட்டது. பட்டென்று அழித்தாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள், சாக்குப்பொடி அப்பிக்கொண்டது. அடுத்து முகத்தை வலது பக்கம் திருப்பி நின்று, மெழுகுவர்த்தியிலிருந்து லென்ஸ், லென்ஸிலிருந்து பிம்பம் என்று முன்னால் நடந்துகொண்டே ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு இரண்டு அம்பு போட்டாள். லென்ஸுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

“கை பின்னால போவுங்க. வெளிச்சம் முன்னாலதான் போவும்” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

தேர்வாளர் அம்மா ஸ்கேலால் அளந்தார்கள். ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டார்கள். சன்னலைச் சாத்தச் சொல்லி, மெழுகுவர்த்தியைப் பதினைந்துக்கு நகர்த்தி, அட்டையை முப்பதில் தாங்களே பிடித்தார்கள். இடுக்கில் பார்த்தேன். முதலில் தொங்கிய குட்டிச் சுடர் போய், பெரிய சுடர் ஒன்று தலைகீழாக ஆடியது.

இருட்டில் பொன்னுத்தாயின் குரல் கேட்டது. “அம்மா, அந்தச் சார்ட்டுல இருக்கிற கோடும் இதே கோடுதாங்க. பிம்பம் இருந்த பதினஞ்சுல மெழுகுவத்திய வச்சா, முப்பதுல பிம்பம். வெளிச்சம் அதே வழியில திரும்பிப் போவுது. இதுக்குன்னா அந்த அம்பு சரிங்க. அதுக்குத்தான் தப்பு.”

“அது உனக்குப் புரிஞ்சது நல்லது” என்றார்கள் அந்த அம்மா. “ஆனா சார்ட் தப்புதான். தப்புக்கு மார்க் கிடையாது.”

“சரிங்க.”

“ரிசல்ட் வரும். பிள்ளைக்குப் பால் குடு, போ.”

அவ்வளவுதான். பாஸா பெயிலா ஒன்றும் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அவள் அப்பன் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. குஞ்சிதபாதம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்து நின்றார். எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

“அண்ணி, நான் எல்லாரையும் கெடுத்துட்டேன்.”

“அழாத. கோடு சேந்துச்சுல்ல?”

“கோடு சேந்தா சோறு வருமா?”

முந்தானையால் அவள் நெற்றியிலிருந்த சாக்குப்பொடியைத் துடைத்துவிட்டேன்.

சித்திரை ஒன்றாம் தேதி சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். நாங்களே கூரையைப் பிரித்துக்கொண்டோம். அடுத்தவன் கையால் பிரித்தால் மூங்கிலும் தேறாது. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நாலு கம்பு நட்டுக் கீற்றைப் போட்டோம். வயலில் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. பொன்னுத்தாய் நத்தை பொறுக்கினாள், விறகு பொறுக்கினாள். ஒரு நாள் துரைராசு சைக்கிளில் போனவர் நிறுத்தி, “என்ன டீச்சர், இங்க எத்தனாங் கிளாஸ் நடத்துறீங்க?” என்று கேட்டார். அவள் நிமிரவில்லை. ராத்திரியில் சில நாள் தரையில் குச்சியால் அந்தப் படத்தை வரைந்து வரைந்து அழிப்பாள். ஒவ்வொரு தரமும் அம்பைக் கடைசியில் போட்டு, ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் போடுவாள். இனிமேல் சரியாகப் போட்டு என்ன?

குழந்தை தேறிவிட்டது. அம்மா தேறவில்லை. கரையில் ஈரம் ஏறிக் காலெல்லாம் வீங்கி, ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் கண்ணை மூடினாள். “மருமவ பாஸா?” என்று முந்தின நாள்கூடக் கேட்டாள். “தெரியலம்மா” என்றேன். பாஸ் என்று பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. ஐம்பத்துச் சொச்சம் வருஷமாக அதுதான் மனதில் முள்.

அம்மாவுக்குக் காரியம் முடிந்து ஒன்பதாம் நாள் தபால்காரர் வாய்க்கால் கரையில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். பாடம் நடத்துகிற பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. நாற்பது வாங்கினால் பாஸ். படத்துக்கு உண்டான பத்தில் ஒன்றுமே போடவில்லை அந்த அம்மா. மற்றவற்றில் போட்டிருந்தார்கள். பொன்னுத்தாய் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம், “பாஸுக்கு மேல ஒரே ஒரு மார்க்கு” என்றாள். சிரிக்கவில்லை.

கார்த்திகையில் வேலை வந்தது. ஊருக்கு நாலு கல் தள்ளிப் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். மனைச் சட்டமும் அந்த வருஷமே வந்தது. நாங்கள் கிளம்பிய பிறகு. எங்கள் பழைய மனையில் பண்ணை வைக்கோற்போர் போட்டிருந்தது. தம்பி அடுத்த வருஷம் வெளியே வந்தான். வந்தவனுக்கு இருமல். ஏழு வருஷம் இருந்தான். அவள் சம்பளத்தில்தான் வைத்தியம் பார்த்தோம்.

முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தினாள். லென்ஸ் சார்ட்டு எதுவானாலும் பிம்பத்திலிருந்துதான் வரைவாள். வரைந்து முடித்ததும் எழுந்து மெழுகுவர்த்திப் பக்கம் வந்து நின்றுகொண்டு, விரலால் ஒரு தரம் முன்னோக்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அம்பு போடுவாள். நானே எத்தனையோ தரம் ஸ்கேல் பிடித்திருக்கிறேன்.

பொன்னுத்தாய் இப்போது திருக்காட்டுப்பள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறாள். எழுபத்தாறு வயது. முழங்கால் வலி இருக்கிறது, நடக்கிறாள்.